அறுபதைத் தாண்டியவர்களுக்குக் காலையில் இரு தோளும் இரு இடுப்பும் இறுகிப்போவது ஏன்? பாலிமயால்ஜியா ருமாட்டிகா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு 68 வயது. மூன்று வாரமாகக் காலையில் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, கட்டிலில் புரளக்கூட முடியவில்லை. பதினோரு மணிக்கு மேல் ஓரளவு சரியாகிவிடுகிறது. வயதானால் இப்படித்தானா?

இல்லை. மூட்டுத் தேய்மானம் இப்படி நடந்துகொள்ளாது. தேய்மான வலி வருடக்கணக்கில் மெல்ல வளரும். நடக்க நடக்க, வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் குறையும். அதில் காலை விறைப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் ஒரே மாதத்தில் சேர்ந்து தேயவும் செய்யாது.

அம்மாவுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். சில வாரங்களுக்குள் தொடங்கியிருக்கிறது, இரு பக்கமும் வந்திருக்கிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, அசைந்தால் குறைகிறது, காலை விறைப்பு முக்கால் மணி நேரத்தையும் தாண்டி நீள்கிறது. இது அழற்சியின் அடையாளம். அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் இவையெல்லாம் சேர்ந்திருந்தால் முதலில் நினைக்க வேண்டிய நோய்களில் ஒன்று பாலிமயால்ஜியா ருமாட்டிகா. மருத்துவர்கள் சுருக்கமாக பி.எம்.ஆர். என்பார்கள். ஐம்பது வயதுக்கு முன் இது வருவதே இல்லை எனலாம். பெரும்பாலும் 65 வயதுக்கு மேல்தான் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும்.

வீட்டில் கவனிக்கக்கூடியவை சில உண்டு. முதுகுப் பக்கம் கை கொண்டுபோய்க் கொக்கி போட முடியாது. சட்டைக் கையில் கை நுழையாது. தாழ்வான நாற்காலியிலிருந்தும் இந்தியக் கழிப்பறையிலிருந்தும் எழப் பிடிமானம் தேவைப்படும். இரண்டு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து இறங்கினால் காலையில் இருந்த அதே இறுக்கம் திரும்ப வரும். சிலருக்குப் பிடரியும் பிடித்துக்கொள்ளும், பசி குறையும், எடை இறங்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும்.

தசையில்தானே வலிக்கிறது? இது தசை நோயா?

வலி தசையில் இருப்பதுபோலத் தோன்றினாலும் தசையில் கோளாறு இல்லை. மூட்டைச் சுற்றி எலும்பும் தசைநாரும் உரசாமல் இருக்கச் சிறுசிறு திரவப் பைகள் இருக்கின்றன. தோளின் மேல்புறமும் தொடை எலும்பின் வெளிப்புறமும் உள்ள அந்தப் பைகள், தசைநார்களைப் போர்த்தியிருக்கும் உறைகள், மூட்டின் உள்ளுறை ஆகியவற்றில்தான் அழற்சி. அனுபவமுள்ளவர் தோளுக்கு அல்ட்ராசவுண்ட் செய்தால் அந்தப் பைகளில் நீர் கோத்திருப்பதை இரு பக்கமும் பார்க்கலாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது. அறுபத்தெட்டு வயதுத் தோளின் எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் எப்படியும் இருக்கும். அதைக் காட்டி "இதுதான் காரணம்" என்று சொல்லிவிடுவதால் பலருக்கு மாதக்கணக்கில் நோய் பிடிபடாமல் போகிறது.

தசை நோய் இல்லை என்பதைப் பரிசோதனையிலும் பார்க்கலாம். வலியால் கையைத் தூக்கத் தயங்குவார்களே தவிர, தசையில் உண்மையான பலவீனம் இருக்காது. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. என்ற நொதியும் இயல்பான அளவில்தான் இருக்கும்.

காலையில் மோசமாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் பின்னிரவில் ஏறி, அதிகாலையில் உச்சத்தில் நிற்கும். பொழுது ஏற ஏற அது இறங்கும், விறைப்பும் இளகும்.

இடுப்பு வலி என்று சொன்னோம், முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டுமா?

இடுப்பு வலி என்று மட்டும் சொன்னால் கேட்பவர் நடு முதுகின் கீழ்ப்பகுதியை நினைத்துக்கொள்வார். பி.எம்.ஆர். வலி இருப்பது புட்டத்திலும் தொடையின் மேல்பகுதியிலும் கவட்டையிலும். எனவே கையை வைத்துக் காட்டுங்கள். "தோளும் சேர்ந்து பிடித்திருக்கிறது, இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கியது" என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். தோளுக்கு ஒரு மருத்துவர், இடுப்புக்கு இன்னொரு மருத்துவர் என்று பிரித்துக் காட்டினால் இரண்டும் ஒரே நோய் என்பது யார் கண்ணிலும் படாது.

முழங்காலுக்குக் கீழே மின்னல்போல் இறங்கும் வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர், மலம் போவதில் மாற்றம் ஆகியவை இருந்தால் முதுகெலும்பைப் பார்க்கத்தான் வேண்டும். இவை இல்லையென்றால் எம்.ஆர்.ஐ.க்குச் செலவழிக்கும் முன் சில நூறு ரூபாய்க்குள் முடியும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிடலாம்.

எந்த ரத்தப் பரிசோதனைகள்? அறிக்கையை எப்படிப் படிப்பது?

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று சொல்பவை. பி.எம்.ஆரில் பெரும்பாலும் இரண்டுமே ஏறியிருக்கும்.

ஈ.எஸ்.ஆர். வயதோடு ஏறும் எண். ஆய்வக அறிக்கையில் "20 வரை இயல்பு" என்று அச்சிட்டிருந்தாலும் முதியவர்களுக்கு அது பொருந்தாது. ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது தோராயமான மேல்வரம்பு. 68 வயதுப் பெண்ணுக்கு 39 வரை ஏற்கலாம். ரத்தசோகை இருந்தால் அழற்சி இல்லாமலே ஈ.எஸ்.ஆர். ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

சி.ஆர்.பி. அதைவிட நம்பகமானது. ஆனால் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன, சில டெசிலிட்டருக்குத் தருகின்றன. டெசிலிட்டருக்கு 4.6 என்பதும் லிட்டருக்கு 46 என்பதும் ஒன்றே. இந்த மாதம் ஓர் ஆய்வகம், அடுத்த மாதம் இன்னோர் ஆய்வகம் என்று போனால் நோய் பத்து மடங்கு இறங்கியதாகவோ ஏறியதாகவோ தவறாகத் தோன்றும். ஒரே ஆய்வகத்தில் எடுப்பது நல்லது.

இரண்டுமே முழுக்க இயல்பாக இருந்தால் பி.எம்.ஆர். என்ற முடிவைக் கொஞ்சம் தள்ளிவைத்து வேறு காரணம் தேட வேண்டும். இரண்டும் ஏறியிருந்தாலும் அது பி.எம்.ஆரை நிரூபிப்பதில்லை. நிமோனியாவிலும் காசநோயிலும் இவை ஏறும். இந்த நோய்க்கென்று தனியான ரத்தப் பரிசோதனை கிடையாது என்பதால்தான் மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருக்கிறது.

விலக்க வேண்டிய மற்ற நோய்கள் எவை?

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் டி கடுமையாகக் குறைந்து எலும்பு மென்மையாவது. அதிலும் தொடை, இடுப்பு வலிக்கும், எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள். ஆனால் சி.ஆர்.பி. ஏறாது. எலும்பை அழுத்தினால் வலிக்கும், நடை இருபுறமும் அசைந்தாடும், ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கூடியிருக்கும். வைட்டமின் டி அளவு குறைவாக இருப்பதால் மட்டும் இந்த நோய் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இங்கே பலருக்கும் அது குறைவுதான். பி.எம்.ஆர். உள்ளவருக்கும் அது குறைந்திருக்கலாம்.

தைராய்டு குறைவு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் தசை வலி, இரண்டிலும் சி.ஆர்.பி. இயல்பாக இருக்கும். டி.எஸ்.எச்., சி.கே. பரிசோதனைகள் இவற்றைக் காட்டிக்கொடுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் உறைந்த தோளில் மற்றவர் தூக்கிவிட்டாலும் கை ஏறாது, பெரும்பாலும் ஒரு பக்கமே தொடங்கும், இடுப்பில் ஒன்றும் இருக்காது.

முடக்குவாதம் முதிய வயதில் தொடங்கும்போது தோளில் ஆரம்பித்து பி.எம்.ஆர். போலவே நடிக்கும். விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும், ஆர்.ஏ. காரணி, ஆன்டி சி.சி.பி. பரிசோதனைகளும் உதவும். சில மாதம் கழித்துத்தான் உண்மை தெரியும் நிலையும் உண்டு. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு இறுகுவதைத் தமிழ்நாட்டில் பலர் பார்த்திருப்பார்கள். அதில் கடுங்காய்ச்சலோடு தொடங்கிய கதை இருக்கும், கை கால்களின் சிறு மூட்டுகளும் கணுக்காலும் முன்னால் நிற்கும்.

தவறவே விடக்கூடாதவை தொற்றும் புற்றும். கடுங்காய்ச்சல், இரவு வியர்வை, தொடர் இருமல் இருந்தால் காசநோயையும் இதய வால்வுத் தொற்றையும் பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டி நிற்க, சி.ஆர்.பி. அதற்கேற்ப ஏறாமல் இருந்து, ரத்தசோகை, எலும்பு வலி, கிரியாட்டினின் உயர்வு ஆகியவையும் சேர்ந்தால் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்காகப் புரத எலக்ட்ரோபோரசிஸ் என்ற பரிசோதனை செய்வார்கள்.

"ஒரு வாரம் ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம், கேட்டால் பி.எம்.ஆர்." என்கிறார்களே, அது சரியா?

பாதி சரி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாள் ஒன்றுக்கு 15 மி.கி. சாப்பிட்டால் பி.எம்.ஆர். உள்ளவருக்கு சில நாட்களிலேயே, அதிகம் போனால் ஒரு வாரத்துக்குள், வலியும் விறைப்பும் நூற்றுக்கு எழுபது பங்காவது குறையும். கட்டிலில் புரள முடியாதவர் மூன்றாம் நாள் தானே எழுந்து சமையலறைக்கு வருவார். இப்படிக் கேட்காவிட்டால் நோயை மறுபடி யோசிக்க வேண்டும். மாத்திரையை 40, 60 என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது.

மறு பாதி ஆபத்தானது. ஸ்டீராய்டு முடக்குவாதத்தையும் அடக்கும், சில புற்றுநோய்களின் வலியையும் அடக்கும், காய்ச்சலை மறைக்கும். அதனால் "கேட்டது" என்பது நோயை நிரூபிக்காது. அதோடு, முதல் மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்காவிட்டால் சி.ஆர்.பி. சில நாட்களில் இறங்கிவிடும், பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது. முதல் நாள் எண் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வலி திரும்பும்போது ஒப்பிடவும் ஒன்றும் இருக்காது. ரத்தம் கொடுத்துவிட்டு அன்று மாலையே மாத்திரை தொடங்கினாலும் பரவாயில்லை, வரிசை மாறக் கூடாது. மார்பு எக்ஸ்ரே, எச்.பி.ஏ.1.சி., ரத்த அழுத்தம், ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றையும் அப்போதே பார்ப்பது நல்லது.

பெயரில்லாத நாட்டு மருந்துப் பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு "இரண்டே நாளில் வலி பறந்தது" என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவரிடம் மறைக்காமல் பொட்டலத்தோடு காட்டுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

ஸ்டீராய்டு எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? ஒரு மாதம் போதுமா?

போதாது. இந்த நோயில் வலி போக ஒரு வாரம், நோய் அடங்க ஒன்றிலிருந்து இரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். இந்த இடைவெளி புரியாமல் மாத்திரையை நிறுத்துவதே வலி திரும்புவதற்கு முக்கியக் காரணம்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். 68 வயதுப் பெண், ஈ.எஸ்.ஆர். 72, சி.ஆர்.பி. லிட்டருக்கு 46 மி.கி., ஹீமோகுளோபின் 10.8. சி.கே., டி.எஸ்.எச். இயல்பு, ஆன்டி சி.சி.பி. இல்லை, மார்பு எக்ஸ்ரே தெளிவு. காலைச் சிற்றுண்டிக்குப் பின் ஒரே வேளையாக 15 மி.கி. பிரெட்னிசலோன் தொடங்குகிறார்கள். நான்காம் நாள் தானே தலை வாருகிறார். மூன்றாம் வார முடிவில் சி.ஆர்.பி. 4.

மூன்று வாரம் 15 மி.கி., அடுத்த மூன்று வாரம் 12.5, அதன்பின் நான்கு வாரம் 10. பத்து வாரம் முடிந்தது. இதுவரை வேகமாக இறங்கலாம். இங்கிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு மி.கி. என்றே இறங்க வேண்டும். 9, 8, 7 ஆகியவை சிக்கலின்றிப் போகின்றன. 22 வாரம் முடிந்து 6 மி.கி. தொடங்கிய மூன்றாம் வாரத்தில் காலையில் ஒரு மணி நேரம் தோள் பிடிக்கிறது, சி.ஆர்.பி. 24. நோய் திரும்பியிருக்கிறது. அவரை மறுபடி 15க்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கடைசியாக வலி இல்லாமல் இருந்த 7 மி.கி.க்குத் திரும்புகிறார்கள், ஆறு வாரம் அங்கேயே நிற்கிறார்கள், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு மி.கி. என்று இன்னும் மெதுவாக இறங்குகிறார்கள். 6லிருந்து 1 வரை ஆறு படிகள், 48 வாரம். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ ஒன்றரை வருடம். இடையில் ஒரு முறை நோய் திரும்பினாலும் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். இந்த நோயின் வழக்கமான போக்கே இதுதான்.

இந்த அளவுகள் வழக்கத்தில் இருப்பவை. 12.5 முதல் 25 மி.கி.க்குள் எதில் தொடங்குவது, எப்போது இறக்குவது என்பதை உடல் எடை, சர்க்கரை, எலும்பின் நிலை பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊர் மருந்துக்கடையில் 1 மி.கி. மாத்திரை கிடைக்கவில்லை. என்ன செய்வது?

5 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்தால் 2.5. அதை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கொடுப்பது அங்கீகரிக்கப்பட்ட முறைதான். ஒரு நாள் 10, மறு நாள் 7.5 என்று நான்கு வாரம். சராசரி 8.75. அடுத்த நான்கு வாரம் தினமும் 7.5. பிறகு 7.5, 5 மாறி மாறி. பிறகு தினமும் 5. இப்படி ஒவ்வொரு படிக்கும் 1.25 குறைகிறது. நாட்காட்டியில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் முதியவர்கள் எந்த நாள் எந்த அளவு என்று குழம்பிவிடுவார்கள். குடலில் கரையும்படி மேலுறை போட்ட மாத்திரையாக இருந்தால் உடைக்கக் கூடாது, கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

கடையில் "இதுவும் அதேதான்" என்று மெத்தில் பிரெட்னிசலோனோ டெப்ளசகார்ட்டோ மாற்றிக் கொடுத்தால் எண்ணைப் பாருங்கள். 5 மி.கி. பிரெட்னிசலோனுக்கு ஈடு 4 மி.கி. மெத்தில் பிரெட்னிசலோன், அல்லது ஏறத்தாழ 6 மி.கி. டெப்ளசகார்ட். 16 மி.கி. மெத்தில் பிரெட்னிசலோன் சாப்பிடுபவர் 20 மி.கி. பிரெட்னிசலோன் சாப்பிடுகிறார் என்று பொருள்.

ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் உடம்பு வலிக்கிறது. நோய் திரும்புகிறதா?

குறைத்த சில நாட்களில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் தானே அடங்கினால் அது பெரும்பாலும் உடல் புது அளவுக்குப் பழகும் வலி. உடம்பு முழுக்க மந்தமாக வலிக்கும், காலையில் மட்டும் என்ற ஒழுங்கு இருக்காது, சி.ஆர்.பி. ஏறாது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பொறுத்துப் பார்க்கலாம்.

நோய் திரும்பினால் பழைய முகத்தோடுதான் வரும்: இரு தோள், இரு இடுப்பு, காலையில் நீண்ட விறைப்பு, நாளுக்கு நாள் கூடுதல். எத்தனை நிமிடத்தில் விறைப்பு விடுகிறது என்று தினமும் ஒரு தாளில் எழுதிவைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். "பத்து, பத்து, பதினைந்து, நாற்பது, அறுபது" என்று போகும் வரிசையைப் பார்த்தால் மருத்துவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

5 மி.கி.க்குக் கீழே இறங்கும்போது சோர்வு, குமட்டல், எழுந்தால் தலைச்சுற்றல் என்று வந்தால் அது மூன்றாவது வகை. பல மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவைத்திருக்கிறது. காலை எட்டு மணிவாக்கில், அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலுக்குப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

கண் பார்வை போகும் ஆபத்து உண்டு என்று யாரோ சொன்னார்கள். உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

பி.எம்.ஆரோடு உறவுள்ள இன்னொரு நோய் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ், அதாவது பெரிய, நடுத்தர ரத்தக்குழாய்களின் சுவரில் வரும் அழற்சி. பி.எம்.ஆர். உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இது கூடவே இருக்கும், அல்லது பின்னால் வரும். மேலை நாட்டுக் கணக்குகள் ஆறில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்கின்றன. இந்தியாவில் இரண்டு நோயும் அங்கே உள்ளதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்தால் பார்வை சில நிமிடங்களில் போய்விடும். போன பார்வை திரும்புவது அரிது. சிகிச்சை இல்லாவிட்டால் அடுத்த கண்ணும் சில நாட்களில், சில வாரங்களில் போகலாம்.

இவற்றுள் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்: முன்பு இல்லாத புதுத் தலைவலி, குறிப்பாக நெற்றிப்பொட்டில். தலை வாரும்போதோ தலையணையில் சாயும்போதோ மண்டைத் தோல் வலிப்பது. சப்பாத்தியோ கறியோ மெல்லத் தொடங்கியதும் தாடை வலித்து, நிறுத்தினால் விடுவது. ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் மங்கித் தெளிவது. இரண்டிரண்டாகத் தெரிவது.

"ஏற்கெனவே 15 மி.கி. சாப்பிடுகிறாரே, அது காக்கும்" என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அந்த அளவு கண்ணைக் காக்காது. இதற்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மி.கி. தேவை. பார்வை ஏற்கெனவே மங்கியிருந்தால் நரம்பு வழியே அதைவிடப் பெரிய அளவில் கொடுப்பார்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அல்ட்ராசவுண்டோ பயாப்சியோ நோயை உறுதிசெய்யும். ஆனால் அதன் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்காது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் "பி.எம்.ஆர். இருக்கிறது, ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் வந்திருக்குமோ என்று பயம்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அளவெடுக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். காலையில் சாப்பிட்ட பிரெட்னிசலோன் மதியத்திலிருந்து மாலை வரைதான் சர்க்கரையை ஏற்றும், விடிவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். வழக்கம்போல வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் 110 என்று வந்து எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், அதே ஆளுக்கு மாலை ஐந்து மணிக்கு 320 இருக்கும். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். சர்க்கரை மருந்தைக் கூட்டினால் ஸ்டீராய்டைக் குறைக்கும் ஒவ்வொரு படியிலும் அதையும் குறைக்க வேண்டியிருக்கும். இதை மறந்தால் தாழ்சர்க்கரை வரும். சர்க்கரை நோயே இல்லாதவரும் தொடங்கிய முதல் மாதத்தில் சிலமுறை மதியத்துக்குப் பின் பார்ப்பது நல்லது.

எலும்பு தேயும் என்கிறார்களே?

எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவது முதல் சில மாதங்களில்தான். அதனால் பாதுகாப்பை முதல் மாத்திரையோடு தொடங்க வேண்டும், எலும்பு உடைந்த பிறகு அல்ல. உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதை நிரப்புதல், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இந்த வயதில் பலருக்கு வாரம் ஒருமுறை 70 மி.கி. அலெண்ட்ரோனேட்டோ வருடம் ஒருமுறை சொலட்ரோனிக் ஊசியோ தேவைப்படும். அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

வலி மாத்திரையே போட்டுச் சமாளித்துவிடலாமே?

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்றவை இந்த நோயில் பாதி வலியைக்கூட எடுப்பதில்லை. அறுபதைத் தாண்டியவருக்கு, அதுவும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு, சிறுநீரகம் கெடலாம். ஸ்டீராய்டோடு சேர்த்தால் இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம்.

ஸ்டீராய்டைக் குறைக்கவே முடியவில்லை. வேறு மருந்து இல்லையா?

நோய் இரண்டாம் முறை திரும்பினாலோ, சர்க்கரையோ எலும்போ ஸ்டீராய்டைத் தாங்காவிட்டாலோ, மூட்டுவாத நிபுணரான ரூமட்டாலஜிஸ்ட் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைச் சேர்ப்பார். அளவு வாரத்துக்கு 7.5 அல்லது 10 மி.கி. என்று தொடங்கும். வாரத்துக்கு ஒரே நாள். தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்தாகும். எனவே சீட்டில் கிழமையை எழுதி வாங்குங்கள், வீட்டில் அந்த மாத்திரையைத் தனி டப்பாவில் வையுங்கள். போலிக் அமிலம் கூடவே தருவார்கள், ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்ப்பார்கள். இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் சாரிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2023இல் இந்த நோய்க்கென அனுமதி கிடைத்தது. அதன் விலை மிக அதிகம்.

வாந்தி பேதி வந்து இரண்டு நாள் மாத்திரை உள்ளே நிற்கவில்லை. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. அட்ரீனல் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டீராய்டு திடீரென நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். மாத்திரை சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் ஒருமுறை திரும்பக் கொடுங்கள். அதுவும் வெளியே வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடுங்காய்ச்சலின்போதும் அறுவை சிகிச்சையின்போதும் அளவைத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டியிருக்கலாம். பல் பிடுங்கப் போனால்கூட ஸ்டீராய்டு சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயர், இன்றைய அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். பயணத்தின்போது ஒரு வார மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும், அதைப் பெட்டியில் போடாமல் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை முழுக்க நின்ற பிறகு திரும்ப வருமா?

சிலருக்கு வரும், பெரும்பாலும் நிறுத்திய முதல் வருடத்துக்குள். அதே விறைப்பு இரண்டு வாரம் நீடித்தால், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துப் போடாமல், முதலில் சி.ஆர்.பி. கொடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்திருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.